நவக்கிரகக் கோயில் ஒன்பதும் ஒரே பகலில், இருபது பேர்: என் அட்டவணையில் எங்கே உதைக்கும்?

மடிப்பாக்கம் கோபி · 6 ஜனவரி 2025, இரவு 9.10

எங்கள் குடியிருப்பிலிருந்து இருபது பேர். மார்ச் 22 சனி இரவு சென்னையில் உழவன் எக்ஸ்பிரஸ், ஞாயிறு முழுக்கக் கோயில்கள், அன்றிரவே திரும்பி திங்கள் காலை வீடு. பொறுப்பு என் தலையில். ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது கோயில், பதிமூன்று மணி நேரம், ஆக ஒரு கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் (போகிற தூரத்தையும் சேர்த்து).

| கட்டம் | நேரம் | எதில் | முன்பதிவு | ஆளுக்குச் செலவு |
|---|---|---|---|---|
| சென்னை – கும்பகோணம் | சனி இரவு – ஞாயிறு காலை 5.00 | ரயில், படுக்கை வகுப்பு | வேண்டும் | 240 |
| குளியல் | 5.00 – 5.30 | லாட்ஜ், 3 அறை | போன் போதும் | 180 |
| திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் | 5.30 – 10.00 | வேன் | வேண்டும் | 800 (நாள் முழுக்க) |
| சூரியனார்கோயில், கஞ்சனூர் | 10.00 – 12.30 | வேன் | – | – |
| வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு | 12.30 – 3.30 | வேன் | – | – |
| கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு | 3.30 – 7.00 | வேன் | – | – |
| சாப்பாடு | இடையில் | – | – | 350 |
| கும்பகோணம் – சென்னை | இரவு | ரயில் | வேண்டும் | 240 |

மொத்தம் 1,810. ரவுண்டாக 1,800 வசூலிக்கலாம் என்று இருக்கிறேன். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

அரிசிலாற்றங்கரை · 6 ஜனவரி, இரவு 10.02

12.30க்கு வைத்தீஸ்வரன்கோயில், அப்புறம் திருவெண்காடு. இரண்டு இடத்திலும் சாத்திய கதவைத்தான் கும்பிடுவீர்கள். இந்தப் பக்கம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். பதிமூன்று மணி நேரத்தை ஒன்பதால் வகுத்ததில்தான் கோளாறு. உங்கள் கையில் இருப்பது இரண்டு துண்டு: காலையில் ஐந்தே முக்கால் மணி நேரம், மாலையில் நாலரை மணி நேரம். நடுவே உள்ள நாலு மணி நேரம் சாப்பாட்டுக்கும் சாலைக்கும்தான். முதலில் ஒன்பதை ஐந்து, நாலு என்று பிரியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வண்டி எண் தெரியாதவர் · 6 ஜனவரி, இரவு 10.40

அரசு பஸ்ஸே இதைச் செய்கிறது சார். 2024 பிப்ரவரியிலிருந்து கும்பகோணத்தில் சனி, ஞாயிறு நவக்கிரக பஸ் விடுகிறார்கள், 750 ரூபாய், காலை ஆறுக்குக் கிளம்பி இரவு எட்டு வாக்கில் கொண்டுவந்து விடுவான். அதில் வைத்தீஸ்வரன்கோயிலை மதியத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஆகவே மதியம் கோயிலே இருக்காது என்று சொல்வது தப்பு. இருபது பேரும் அதிலேயே ஏறிவிடுங்கள், வேன் தலைவலி மிச்சம்.

அரிசிலாற்றங்கரை · 7 ஜனவரி, காலை 6.15

பஸ் விஷயம் சரி, தனி ஆளாகவோ நாலு பேராகவோ போகிறவருக்கு அதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஓட்டுநரும் நடத்துநரும் வாராவாரம் அதே வழியில் போகிறவர்கள். எந்தச் சந்தில் திரும்பினால் ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று தெரியும், கோயிலிலும் இந்த பஸ் வரும் என்று தெரியும். புதிதாகப் போகிற வேன் அரை மணி பிந்தினால் அங்கே யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். வைத்தீஸ்வரன்கோயிலை மாலைத் துண்டில் வையுங்கள். மதியம் திறந்திருந்தால் லாபம், அவ்வளவுதான்.

கமலா மாமி · 7 ஜனவரி, காலை 11.30

வரிசையே சரியில்லையே அப்பா. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. அப்படித்தானே போகணும்? நீ திங்களூரில் ஆரம்பிக்கிறாய். அதோடு, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு ராகு காலத்தில் திருநாகேஸ்வரத்தில் இல்லாமல் இருந்தால் என்ன பிரயோஜனம்? நாலரையிலிருந்து ஆறு. பால் அபிஷேகம் பார்க்கணும். பால் நீலமாக இறங்கும்.

மடிப்பாக்கம் கோபி · 7 ஜனவரி, மதியம் 1.05

மாமி, கிரக வரிசையில் போனால் என்ன ஆகும் என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சூரியனார்கோயிலிலிருந்து மேற்கே திருவையாறு பக்கம் திங்களூர், அங்கிருந்து நேர் எதிரே சீர்காழி பக்கம் வைத்தீஸ்வரன்கோயில், பக்கத்தில் திருவெண்காடு. அப்புறம் திரும்பக் கும்பகோணம் தாண்டி ஆலங்குடி, கஞ்சனூர், மறுபடி கிழக்கே காரைக்கால் பக்கம் திருநள்ளாறு, மறுபடி திருநாகேஸ்வரம், கடைசியாகப் பூம்புகார் ஓரம் கீழப்பெரும்பள்ளம். மாவட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் தைக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு நாள் வேண்டும்.

ராகு காலம் ஆசைதான். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

அரிசிலாற்றங்கரை · 7 ஜனவரி, இரவு 9.20

ராகு காலத்துக்கு ஒரே வழி, கிழக்கிலிருந்து மேற்கே வருவது. உழவன் மயிலாடுதுறை வழியாகத்தான் கும்பகோணம் வருகிறது. அங்கே நாலு வாக்கில் இறங்கிவிடுங்கள். காலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. இந்த நாலும் பதினொன்றரைக்குள் முடியும். மதியம் ஆடுதுறை பக்கம் வந்து ஓய்வு. நாலுக்கு சூரியனார்கோயில், நாலே முக்காலுக்குக் கஞ்சனூர், ஐந்தரைக்குத் திருநாகேஸ்வரம். ராகு காலம் முடிவதற்குள் உள்ளே இருப்பீர்கள். இதுவரை அழகாகப் போகும். அப்புறம் ஆலங்குடிக்கு ஏழு மணி, திங்களூருக்கு எட்டே கால். அது சின்னக் கோயில், அந்த நேரத்துக்குச் சாத்தியிருப்பார்கள். ஆக, ராகு கால அபிஷேகம் வேண்டுமென்றால் சந்திரன் போய்விடும், சந்திரன் வேண்டுமென்றால் அபிஷேகம் போய்விடும். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், குழுவைக் கேட்டால் முடிவே வராது.

கமலா மாமி · 7 ஜனவரி, இரவு 9.45

சந்திரனை விடக்கூடாது. சரி, அபிஷேகத்துக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

மடிப்பாக்கம் கோபி · 8 ஜனவரி, காலை 7.30

மாமி எங்கள் குழுவில் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். இருந்தாலும் ஒன்பதும் வேண்டும் என்பதுதான் எங்கள் ஆட்களின் பேச்சும். மேற்கிலிருந்து கிழக்கே.

அரிசிலாற்றங்கரை · 8 ஜனவரி, இரவு 8.50

அப்படியானால் திரும்பக் கும்பகோணம் எதற்கு? உங்கள் கடைசிக் கோயில் திருநள்ளாறு. அங்கிருந்து மயிலாடுதுறை ஒரு மணி நேரத்துக்குள். திரும்புகிற ரயிலும் அங்கே பதினொன்று வாக்கில் வரும். ஏறும் இடத்தை மயிலாடுதுறை என்று போட்டுப் பதிவு செய்யுங்கள். இறங்குவது ஒரு ஊர், ஏறுவது ஒரு ஊர். இதனால் நேரம் மட்டும் மிச்சமில்லை. பிந்தினால் தாங்குகிற இடைவெளி நாளின் கடைசியில், ரயிலுக்கு முன்னால் வந்து விழுகிறது. உங்கள் பழைய தாளில் அந்த இடைவெளி எங்கேயுமே இல்லை.

அடுத்தது குளியல். இருபது பேர், மூன்று அறை, அரை மணி நேரம். அறைக்கு ஏழு பேர், ஆளுக்கு நாலு நிமிடம். எங்கள் வீட்டில் நாலு நிமிடத்தில் வாளிகூட நிறையாது. நாலு அறை எடுங்கள், அறைக்கு ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். ஐந்து மணிக்கு இறங்கினால் 6.15க்குத்தான் வண்டி நகரும். அதை ஒத்துக்கொண்டு மற்றதைப் போடுங்கள்.

அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்கிறீர்கள் என்றும் பாருங்கள். 23ஆம் தேதிக்கு என்று சொன்னால் பல லாட்ஜில் மதியம் பன்னிரண்டுக்குத்தான் சாவி கொடுப்பார்கள். காலை ஐந்துக்குச் சாவி கையில் வேண்டுமென்றால் 22ஆம் தேதி இரவுக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது இருபத்துநாலு மணி நேரக் கணக்குள்ள லாட்ஜாகப் பார்க்க வேண்டும்.

ரயில் பைத்தியம் · 9 ஜனவரி, காலை 5.55

ரயில் நான் சொல்கிறேன். போன நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது, பயண நாளைச் சேர்க்காமல். மார்ச் 22 பயணத்துக்கு ஜனவரி 21 காலை எட்டு மணி. மார்ச் 23 திரும்புவதற்கு ஜனவரி 22 காலை எட்டு மணி. இரண்டையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. உங்கள் தாளில் முன்பதிவு என்ற கட்டத்தில் "வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம்? அங்கே தேதி, மணி, எடுக்கப்போகிறவர் பெயர் மூன்றும் இருக்கணும்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். இருபது பேருக்கு 6, 6, 6, 2 என்று போடத் தோன்றும். போடாதீர்கள். அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, ஆனால் தனியாகவோ இரண்டு பேராகவோ எடுத்தால்தான். ஆறு பேர் டிக்கெட்டில் பெரியவரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போச்சு. பெரியவர்களை இரண்டிரண்டாகப் பிரியுங்கள், மீதியை ஆறாக எடுங்கள். ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், முதல் டிக்கெட் முடிவதற்குள் மூன்றாவது காத்திருப்புக்குப் போய்விடும். மூன்று பேர், மூன்று வீடு, ஒரே நேரம்.

பெயர் வேண்டாம் · 9 ஜனவரி, காலை 9.00

என் சனி எப்போது விலகும் என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா? மகர ராசி. திருநள்ளாறு போகலாம் என்று இருக்கிறேன். மார்ச் 29 பெயர்ச்சி அன்றே போனால் நல்லதா? கோபி சாரும் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சேர்ந்தே போகலாமே.

அரிசிலாற்றங்கரை · 9 ஜனவரி, இரவு 9.30

மார்ச் 29 என்பது திருக்கணிதப்படி. திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கம். அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026ல்தான். ஆனால் தொலைக்காட்சி பார்த்துவிட்டு 29ஆம் தேதியும் ஜனம் வரும், அதுவும் சனிக்கிழமை. கோபி, தேதியை மாற்றாதீர்கள். ராசி விஷயத்துக்கு இது இடமில்லை தம்பி.

வண்டி எண் தெரியாதவர் · 10 ஜனவரி, இரவு 8.15

வேன் யாருடையது என்று யாருமே கேட்கவில்லை. திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, காரைக்கால் புதுச்சேரி. தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள வண்டி எல்லையில் நிற்கும். அங்கே தாற்காலிக பெர்மிட் போட அரை மணி, அதற்குக் காசு யார் கொடுப்பது என்று பத்து நிமிடம். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டியா என்று பேசும்போதே கேளுங்கள். இன்னொன்று, வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்வான். ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான்.

கிலோமீட்டர் கணக்கு ஷெட் டு ஷெட். நீங்கள் மயிலாடுதுறையில் இறங்கிக்கொண்டாலும் வண்டி கும்பகோணத்துக்குக் காலியாகத் திரும்புகிற முப்பத்தைந்து கிலோமீட்டரும் உங்கள் தலையில்தான்.

(பஸ்ஸே மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.)

மடிப்பாக்கம் கோபி · 11 ஜனவரி, மாலை 4.40

கும்பகோணத்தில் விசாரித்தேன். இருபத்தைந்து இருக்கை வண்டி, அகில இந்திய பெர்மிட், 300 கிலோமீட்டர் வரை 13,500, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 24. ஓட்டுநர் பேட்டா 1,000. பார்க்கிங், சுங்கம், சில்லறை என்று 1,500 வைத்தேன். ஆக வண்டி 16,000. புதிய தாள்:

| கட்டம் | நேரம் | எதில் | முன்பதிவு | செலவு |
|---|---|---|---|---|
| சென்னை – கும்பகோணம் | சனி இரவு – 5.00 | ரயில் | ஜன. 21 காலை 8.00, மூன்று பேர் | ஆளுக்கு 240 |
| குளியல் | 5.00 – 6.15 | 4 அறை | 22 இரவுக்கு, பாதிப் பணம் | மொத்தம் 4,800 |
| திங்களூர் | 7.15 – 7.40 | வேன் | அறையோடு சேர்த்தே உறுதி | மொத்தம் 16,000 |
| ஆலங்குடி | 8.50 – 9.15 | வேன் (இட்லிப் பொட்டலம் வண்டியிலேயே) | பொட்டலம் முந்தின நாள் சொல்ல வேண்டும் | சாப்பாடு ஆளுக்கு 350 |
| திருநாகேஸ்வரம் | 9.55 – 10.20 | வேன் | – | – |
| சூரியனார்கோயில் | 10.45 – 11.10 | வேன் | – | – |
| கஞ்சனூர் | 11.20 – 11.45 | வேன் | – | – |
| சாப்பாடு, ஓய்வு | 1.15 – 3.30 | மயிலாடுதுறை தாண்டி | இருபது இலை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் | – |
| வைத்தீஸ்வரன்கோயில் | 4.00 – 4.40 | வேன் | – | – |
| திருவெண்காடு | 5.10 – 5.40 | வேன் | – | – |
| கீழப்பெரும்பள்ளம் | 5.55 – 6.15 | வேன் | – | – |
| திருநள்ளாறு | 7.20 – 8.15 | வேன் | – | – |
| மயிலாடுதுறை – சென்னை | இரவு 11 வாக்கில் | ரயில் | ஜன. 22 காலை 8.00 | ஆளுக்கு 240 |

கமலா மாமி · 11 ஜனவரி, மாலை 5.20

சூரியனார்கோயிலுக்கு முன்னால் திருமங்கலக்குடி போகணுமே! பிராணநாதரைப் பார்த்துவிட்டுத்தான் சூரியன். அதை எங்கே காணோம்?

மடிப்பாக்கம் கோபி · 11 ஜனவரி, மாலை 5.31

பக்கத்திலேயே இருக்கிறது, தெரியும். போனால் அரை மணி. காலைத் துண்டில் மிச்சம் கால் மணிதான் மாமி.

அரிசிலாற்றங்கரை · 11 ஜனவரி, இரவு 10.10

மாமி சொல்கிற முறை உண்மையானது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நேரம் மட்டும்தான் தகராறு.

தாள் இப்போது நிற்கிறது. ஆனால் ரயில் அரை மணி பிந்தினால் கஞ்சனூர் போய்விடும், பார்த்தீர்களா? அந்த நேரத்தில் வேனுக்குள் இருபது பேர் இருபது யோசனை சொல்வார்கள். எதைக் கழட்டிவிடுவது என்று இப்போதே எழுதிவையுங்கள். என் கணக்கில் அது திங்களூர். கும்பகோணத்திலிருந்து ஆலங்குடி பதினேழு கிலோமீட்டர்தான், நேராகப் போனால் 6.50க்கு அங்கே இருப்பீர்கள். திங்களூர் வழியாகப் போனால் 8.50. ஒரு கோயிலுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள். மற்ற எதை விட்டாலும் அரை மணிக்கு மேல் கிடைக்காது. "கும்பகோணத்தை விட்டு 6.45க்குள் வண்டி நகராவிட்டால் திங்களூர் கிடையாது" என்று ஒரு வரி தாளின் அடியில் போடுங்கள். எல்லோருக்கும் முன்னாலேயே தெரியட்டும்.

ரயில் பைத்தியம் · 12 ஜனவரி, காலை 6.20

கும்பகோணத்தில் எதற்கு இறங்கணும்? தஞ்சாவூர் வரை தூங்கிக்கொண்டே வாருங்கள், அங்கிருந்து திருவையாறு வழியாகத் திங்களூர் பக்கம்தான். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், அந்த இரண்டு மணி நேரப் பிரச்சினையும் பாதியாகும்.

அரிசிலாற்றங்கரை · 12 ஜனவரி, காலை 8.05

நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான் வரும், ஒரு மணி நேரம் பிந்தி இறங்கி, பிந்திக் குளிக்கிறீர்களே. அதோடு கும்பகோணத்து வண்டி தஞ்சாவூருக்குக் காலியாக வர வேண்டும். 300 கிலோமீட்டர் தாண்டிவிடும். எல்லாவற்றையும் விட, ரயில் பிந்தினால் திங்களூரை விடுகிற வசதி அங்கே இல்லை, ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் நிற்கிறீர்கள். தஞ்சாவூர் வண்டியே கிடைத்தால் யோசிக்கலாம். எனக்கு இதில் முழுத் தீர்மானம் இல்லை.

கணக்கப்பிள்ளை · 13 ஜனவரி, இரவு 7.00

நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம் எப்படி வசூலிக்கிறீர்கள் கோபி? 20 பேரால் வகுத்தா?

வண்டி 16,000, அறை 4,800. இந்த 20,800 பத்துப் பேர் வந்தாலும் அதேதான். ரயில் 480, சாப்பாடு 350, ஆக 830 மட்டும்தான் ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். இருபது பேர் என்றால் 1,040 + 830 = 1,870. நாலு பேர் கடைசியில் வராவிட்டால் 1,300 + 830 = 2,130. 1,870 வாங்கிக்கொண்டு பதினாறு பேரோடு போனால் 4,160 ரூபாய் உங்கள் பையிலிருந்து. வேனில் ஏறின பிறகு "ஆளுக்கு இன்னும் 260 கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள் என்று.

பதினாறு பேர் கணக்கில் 2,150 வாங்குங்கள். மிச்சத்தை வந்து திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கிறவனை யாரும் திட்டுவதில்லை. அப்புறம் இரண்டு காசையும் தாளில் தனித்தனிக் கட்டமாகப் பிரியுங்கள், பொதுச் செலவு ஒன்று, ஆள் செலவு ஒன்று. விலகுகிறவருக்கு எது திரும்பும் என்பது அப்போதுதான் தெரியும்.

ரயில் பைத்தியம் · 13 ஜனவரி, இரவு 7.40

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வராதவர் இடத்தில் இன்னொரு நண்பரை ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் பெயரை மாற்றுவது அப்பா, அம்மா, பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோர் என்ற வட்டத்துக்குள்தான், அதுவும் ஒரு நாள் முன்னால் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து. வேனில் ஏற்றலாம், ரயிலில் முடியாது. படுக்கை வகுப்பில் 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஒரு டிக்கெட்டுக்கு, ஒரு ஆளுக்கு 120 பிடிப்பார்கள். போக வர 240. 480ல் பாதி.

மடிப்பாக்கம் கோபி · 22 ஜனவரி, காலை 8.50

இரண்டு நாளும் எடுத்தாகிவிட்டது. மூன்று வீட்டில் மூன்று பேர். போகும்போது எல்லாம் உறுதி. பெரியவர்களை இரண்டிரண்டாகப் போட்டதில் ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கீழ்ப் படுக்கை. திரும்பும்போது மூன்று பேருக்கு ஆர்.ஏ.சி., அது நகர்ந்துவிடும் என்கிறார்கள். வசூல் 2,150. மார்ச் 8க்குப் பிறகு விலகினால் பொதுச் செலவுப் பங்கு 1,300 திரும்பாது என்று எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டேன்.

கணக்கப்பிள்ளை · 22 ஜனவரி, காலை 9.15

கையெழுத்தா! அடுத்த சங்கத் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா?

மடிப்பாக்கம் கோபி · 26 மார்ச், இரவு 9.30

போய் வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக:

பதினெட்டுப் பேர். ரயில் 5.35க்கு வந்தது. அப்போதே எல்லோரும் செல்போனில் மணி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், 6.45 என்ற வரி அவ்வளவு வேலை செய்தது. குளியலறைக் கதவைத் தட்டியது நான் இல்லை, மற்றவர்கள். 6.40க்கு வண்டி நகர்ந்தது. திங்களூர் உண்டு.

திங்களூரில் பத்து நிமிடம் போனது கோயிலுக்குள் இல்லை, செருப்பில். பதினெட்டு ஜோடியை ஓரிடத்தில் விட்டு, திரும்ப வந்து தேடி, பக்கிளை மாட்டி, படியேறி, தலை எண்ணி. ஆலங்குடியிலிருந்து செருப்பை வண்டியிலேயே விடச் சொன்னோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் அது நடந்தது, பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் முனகல் கேட்டது. ஏறுவதும் இறங்குவதும் ஒரு கோயிலுக்கு எட்டு நிமிடம் என்று தாளில் போட்டுக்கொள்ளுங்கள், கூட்டத்தில் பெரியவர்கள் இருந்தால்.

கஞ்சனூரில் காலடி வைத்தபோது 11.50. அர்ச்சகர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். திருமங்கலக்குடி இல்லை.

மாலையில்தான் உதைத்தது. திருவெண்காட்டில் மூன்று குளம் இருக்கிறது, அது என் தாளில் இல்லை. நாலைந்து பேர் மூன்றிலும் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பினார்கள், கோயில் வேறு பெரியது. அங்கே அரை மணி என்று போட்டிருந்தேன், முக்கால் மணிக்கு மேல் ஆனது. திருநள்ளாறு எட்டு மணிக்கு. தரிசனம் கிடைத்தது, நள தீர்த்தம் இல்லை. அதற்காகவே வந்த இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மயிலாடுதுறையில் 9.40. ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, நிதானமாகச் சாப்பிட்டோம்.

கணக்கு: வண்டி ஷெட் டு ஷெட் 318 கிலோமீட்டர் ஓடியது, கூடுதல் 432. பொதுச் செலவு 21,232. விலகிய இருவரில் ஒருவர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார், சிக்கல் இல்லை. இன்னொருவர் 19ஆம் தேதி காய்ச்சலில் விழுந்தார். அவருடைய 1,300ஐ வைத்துக்கொண்டால் வந்தவர்களுக்கு ஆளுக்கு 213 திரும்பும், அவருக்குக் கொடுத்துவிட்டால் 140. என்ன செய்யலாம்?

கணக்கப்பிள்ளை · 26 மார்ச், இரவு 9.52

வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து எதற்கு வாங்கினீர்கள்?

கமலா மாமி · 27 மார்ச், காலை 6.40

காய்ச்சல்காரனிடம் காசு பிடிப்பதா? யாத்திரைக் காசு அது. கொடுத்துவிடு. 73 ரூபாயில் யார் பணக்காரர் ஆகப்போகிறார்கள்?

அரிசிலாற்றங்கரை · 27 மார்ச், காலை 7.10

பதினெட்டுப் பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள்.

அடுத்த தடவைக்கு: திருவெண்காட்டுக்கு ஐம்பது நிமிடம் போடுங்கள், கீழப்பெரும்பள்ளத்துக்குப் பதினைந்து போதும். நள தீர்த்தம் வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை, வைத்தீஸ்வரன்கோயிலை மதியம் சாத்துவதற்குள் பிடித்தாக வேண்டும், அதற்குத் திங்களூரை விட வேண்டும்.

வண்டி எண் தெரியாதவர் · 27 மார்ச், காலை 7.25

வைத்தீஸ்வரன்கோயிலை மதியமே முடிக்கலாம் என்று ஜனவரி ஆறாம் தேதியே சொன்னவன் நான்.

மயிலை ஜானகி · 2 ஏப்ரல், மாலை 3.15

எங்கள் குழு 44 பேர், மே மாதம். பெரிய பஸ். இந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

அரிசிலாற்றங்கரை · 2 ஏப்ரல், இரவு 9.05

அப்படியே முடியாது அம்மா. 44 பேருக்குக் குளியலே ஒன்பது அறை. ஏற இறங்க எட்டு நிமிடம் என்று கோபி சொன்னது உங்களுக்குப் பதினைந்தாகும், ஒன்பது கோயிலுக்கும் சேர்த்தால் ஒரு மணி நேரம் கூடுதல். பெரிய பஸ் கீழப்பெரும்பள்ளத்தில் கோயில் வாசல் வரை போகுமா என்று வண்டிக்காரரிடம் முதலில் கேளுங்கள், மே மாத வெயிலில் பெரியவர்களை நடக்கவிடாதீர்கள். இரண்டு வேனாகப் பிரியுங்கள். ஒன்று மேற்கிலிருந்து, ஒன்று கிழக்கிலிருந்து கிளம்பட்டும். இரண்டுக்கும் மதியச் சாப்பாடு ஒரே இடத்தில் வரும்படி நான் நாளை போட்டுத் தருகிறேன். எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். வியாழன் என்றால் ஆலங்குடியை முதலில் முடிக்க வேண்டியிருக்கும்.